மூன்றாம் முடிச்சில் தெரியும் முகம்: திருமணப் படமும் அதன் கீழே எழுதும் வரியும்

2022 ஜூன் 9 அன்று மாமல்லபுரம் அருகே ஒரு கடற்கரை விடுதியில் நயன்தாரா, விக்னேஷ் சிவன் திருமணம் நடந்தது. ரஜினிகாந்த், ஷாருக்கான் என்று நாடறிந்தவர்கள் வந்த திருமணம். ஆனால் அன்று மணமக்கள் வெளியிட்டது தாங்களே தேர்ந்தெடுத்த சில படங்களை மட்டும்தான். விருந்தினரோடு எடுத்த பல படங்களை ஒரு மாதம் நிறைந்தபோதுதான் விக்னேஷ் சிவன் வெளியிட்டார். திருமணக் காட்சிகளோடு கூடிய ஆவணப்படம் நெட்ஃப்ளிக்ஸில் வந்தது 2024 நவம்பர் 18 அன்று. இந்தக் கட்டுப்பாட்டுக்குப் பின்னால் ஒரு வணிக ஒப்பந்தம் இருந்தது. ஆனாலும் எந்தப் படம், எப்போது, யார் கை வழியாக வெளியே போகும் என்பதற்கு அங்கே முன்கூட்டியே பதில் இருந்தது.

அதே மாவட்டத்தில், மதுராந்தகம், படாளம், செங்கல்பட்டு மண்டபங்களில், தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் நடக்கும் திருமணங்களில் இந்தக் கேள்வியை யாரும் எழுப்புவதே இல்லை. காலையில் தாலி கட்டினால் மாலைக்குள் போட்டோகிராபரின் பக்கத்தில் படம் வந்துவிடுகிறது. கீழே பெயர், தேதி, மண்டபம், நான்கு இதயக்குறி. படம் எடுப்பவருக்கு இது கடை விளம்பரம். அடுத்த முகூர்த்தத்துக்கு ஆர்டர் வருவது இதைப் பார்த்துத்தான். மணமக்களுக்கும் பெரும்பாலும் மகிழ்ச்சியே. சிக்கல் எங்கே என்றால், அந்தப் படத்திலும் வரியிலும் மணமக்கள் மட்டும் இருப்பதில்லை.

மணமக்களைக் கொண்டாடும் ஒரு படக்குறிப்பு அவர்களுடைய சம்மதத்தையும் விருந்தினரின் அந்தரங்கத்தையும் மதிக்க வேண்டுமானால் எப்படி இருக்க வேண்டும்? சட்டம் இதில் எதுவரை வருகிறது, அதற்கப்பால் தொழிலின் வழக்கம் என்ன செய்ய வேண்டும்? இக்கட்டுரை இவ்விரு கேள்விகளையும் எடுத்துக்கொள்கிறது.

படத்தில் இருப்பவர், படத்துக்கு உரியவர்

நயன்தாரா ஆவணப்படத்தை ஒட்டி எழுந்த வழக்கு இங்கே பயன்படும். 2015இல் வந்த ‘நானும் ரௌடிதான்’ படப்பிடிப்பின்போது எடுத்த மூன்று விநாடிக் காட்சிக்காகத் தன்னிடம் 10 கோடி ரூபாய் கேட்கப்பட்டதாக 2024 நவம்பரில் அவர் பகிரங்கக் கடிதம் எழுதினார். படத்தின் தயாரிப்பாளர் தனுஷின் நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. யார் பக்கம் நியாயம் என்பது நீதிமன்றத்தின் வேலை. நமக்கு வேண்டியது ஒன்றுதான்: ஒரு காட்சியில் இருப்பவரும் அந்தக் காட்சிக்கு உரியவரும் ஒருவராகவே இருக்க வேண்டியதில்லை.

திருமணப் படத்தில் இந்த உரிமை யாரிடம்? பெரும்பாலான போட்டோகிராபர்கள், “நான் எடுத்தேன், என்னுடையது” என்று நினைக்கிறார்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957) நேர் எதிராகச் சொல்கிறது. அதன் 17ஆம் பிரிவின் ஆ உட்பிரிவுப்படி, ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில், கூலி பெற்று எடுக்கப்பட்ட புகைப்படத்தின் முதல் உரிமையாளர், அப்படிக் கேட்டுக்கொண்டவரே. வேறு மாதிரி ஒப்பந்தம் இருந்தால்தான் இது மாறும். எழுத்தில் எதுவும் இல்லாமல் முன்பணம் வாங்கி எடுத்த படம், சட்டத்தின் கண்ணில் எடுக்கச் சொன்னவருடையது. எடுத்தவர் என்ற பெயரைக் கோரும் உரிமை 57ஆம் பிரிவின்படி போட்டோகிராபரிடமே இருக்கிறது. அதாவது, “படம் எடுத்தது நான்” என்று அவர் சொல்லலாம். ஆனால் அந்தப் படத்தைத் தன் விளம்பரத்துக்கு எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டும்.

நம் ஊர்த் திருமணத்தில் இது இன்னும் சிக்கலாகிறது. எடுக்கச் சொன்னவர் யார்? பல குடும்பங்களில் மணப்பெண்ணின் அப்பாதான் பேசி முடித்து முன்பணம் கொடுக்கிறார். சில இடங்களில் பெண் வீட்டார் ஒரு போட்டோகிராபரையும் மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையும் தனித்தனியாக வைக்கிறார்கள். ஒரே மேடையை இரண்டு குழு எடுக்கிறது; ஒவ்வொன்றின் உரிமையும் வேறு வேறு வீட்டில் போய் நிற்கிறது. அதனால் மணமகனிடம் மட்டும், “மச்சான், போஸ்ட் பண்ணிக்கலாமா?” என்று கேட்டு வாங்கிய ‘ஓகே’ போதாது. பணம் கொடுத்தவரின் எழுத்து அனுமதி பதிப்புரிமைக்கு. படத்தில் இருக்கும் இருவரின் சம்மதம் அந்தரங்கத்துக்கு. இரண்டும் தனித்தனியாக வேண்டும்.

எழுதி வாங்கும்போதும் ஒரு நுணுக்கம் உண்டு. உரிமையோ உரிமமோ எழுதித் தரும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்கிறது. இணையத்தில் போடும் படம் எல்லை பார்ப்பதில்லை. ஆகவே ஒப்பந்தத்தில், “எங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்திலும் இணையதளத்திலும், உலகம் முழுவதும் பார்க்கும்படி, இத்தனை ஆண்டுகளுக்கு” என்று ஒரு வரி இருப்பது நல்லது.

பிரிட்டனில் வேறு ஏற்பாடு. அங்கே 1988ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை பொதுவாக எடுத்தவரிடமே இருக்கும். ஆனால் அதே சட்டத்தின் 85ஆம் பிரிவு, வீட்டுத் தேவைக்காக எடுக்கச் சொன்ன படத்தைப் பொதுவெளியில் காட்டாமல் தடுக்கும் உரிமையை எடுக்கச் சொன்னவருக்குத் தருகிறது. வழி வேறானாலும் இரு நாட்டுச் சட்டமும் வந்து சேரும் இடம் ஒன்றே: திருமணப் படத்தைக் கடையில் மாட்டும் முன் வீட்டாரைக் கேட்க வேண்டும்.

விருந்தினர் எங்கே வருகிறார்கள்

பதிப்புரிமை விருந்தினரைப் பற்றிப் பேசுவதே இல்லை. அவர்களுக்கு இருப்பது அந்தரங்க உரிமை. இந்திய உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்ன முதல் பெரிய வழக்குகளில் ஒன்று தமிழ்நாட்டில் இருந்து போனது. ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை ‘நக்கீரன்’ வெளியிடுவது தொடர்பான ராஜகோபால் வழக்கில், 1994இல் தந்த தீர்ப்பு, ஒரு குடிமகன் தன்னுடைய, தன் குடும்பத்தினுடைய, திருமணத்தினுடைய அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ளலாம் என்றது. திருமணம் என்ற சொல் அந்தப் பட்டியலிலேயே இருந்தது. பொது ஆவணங்களுக்கும் பொதுப் பதவி வகிப்போரின் பணிக்கும் விலக்கு தந்தது. பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் பெரியம்மா இரண்டிலும் அடங்கமாட்டார். 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றே அறிவித்தார்கள்.

2023இல் வந்த மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதை அன்றாடத் தொழிலுக்குள் கொண்டுவருகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. ஆளை அடையாளம் காட்டும் மின்னணுப் படம் தனிநபர் தரவு. சொந்த, வீட்டுத் தேவைக்காக ஒருவர் செய்வதற்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆகவே சித்தப்பா தன் போனில் எடுத்த படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவது இதற்குள் வராது. போட்டோகிராபர் தன் தொழிலைக் காட்டப் போடுவது வீட்டுத் தேவை ஆகாது. ஒரே மேடை, ஒரே முகம். போடுகிறவரின் நோக்கத்தைப் பொறுத்து சட்டம் மாறுகிறது.

சம்மதம் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் அச்சட்டம் சொல்கிறது. கட்டாயமின்றி, இன்னதற்கு என்று குறிப்பாக, விவரம் தெரிந்து, நிபந்தனையின்றி, செயலால் தெளிவாகத் தந்ததாக இருக்க வேண்டும். சும்மா இருந்ததைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது. பதினெட்டு வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். மேடையில் பூத்தட்டோடு நிற்கும் ஆறு வயதுக் குழந்தைக்கு மணமகள் சம்மதம் தர முடியாது. அந்தக் குழந்தையின் அப்பாவோ அம்மாவோதான் தர முடியும்.

நானூறு பேரிடம் கையெழுத்து வாங்க முடியுமா என்று கேட்பார்கள். முடியாது, வாங்கவும் வேண்டாம். நானூறு பேரின் படமும் விளம்பரத்துக்குத் தேவையில்லை என்பதுதான் பதில். எடுப்பது வேறு, போடுவது வேறு. குடும்ப ஆல்பத்துக்கு எல்லோரையும் எடுக்கலாம், அதற்காகத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். பக்கத்தில் போடும் ஆறு அல்லது எட்டுப் படங்களில் எத்தனை பேர் முகம் அடையாளம் தெரிகிறது என்று எண்ணினால் பெரும்பாலும் பத்துக்குள் முடியும். அந்தப் பத்துப் பேரைக் கேட்கலாம்.

அந்தப் பத்தைக் குறைக்கவும் முடியும். விருந்தினர் முகத்தை மங்கலாக்கினால் படமும் கெடும், ‘இவருக்கு என்ன ஆனது’ என்ற சந்தேகமும் வரும். அதைவிட வேறு ஃப்ரேமை எடுப்பது மேல். அட்சதை தூவும் கைகள், முதுகுப் பக்கத்திலிருந்து பார்க்கும் கூட்டம், நாதஸ்வரத்தின் அணைசு, மெட்டி போடும் விரல்கள் எல்லாம் கூட்டத்தின் மகிழ்ச்சியைச் சொல்லும், யாரையும் காட்டிக்கொடுக்காது. சில படங்களைக் கேட்காமலே தள்ளிவிடலாம்: வாய் நிறையச் சோற்றோடு பந்தியில் இருப்பவர், அலங்கார அறையில் பாதி உடுத்திய நிலையில் தோழிகள், பிள்ளைக்குப் பால் கொடுப்பவர், மொய் நோட்டு. மொய் நோட்டைக் கொஞ்சம் பெரிதாக்கினால் யார், எந்த ஊர், எவ்வளவு எழுதினார் என்பதெல்லாம் வரிசையாகப் படிக்கலாம். அழகான கையெழுத்து என்று சொல்லி அதைப் போடுகிறவர்கள் உண்டு.

தவிர்க்கவே முடியாத ஒரு முகமும் இருக்கிறது. பல குடும்பங்களில் தாலியின் முதல் முடிச்சை மணமகன் போட, மற்ற இரண்டை அவருடைய சகோதரி போடுவார். திருமண ஆல்பத்தின் உச்சப் படம் அதுதான். எந்தப் போட்டோகிராபரும் விட மாட்டார். அந்தப் படத்தில் மணமகளுக்குப் பின்னால், மணமகனைவிடத் தெளிவாக, சகோதரியின் முகம் இருக்கும். அவர் விருந்தினரும்தான், சடங்கின் பங்காளியும்தான். மணமக்களின் சம்மதத்துக்குள் அவரும் அடக்கம் என்று நினைப்பதுதான் வழக்கம். அவரிடம் தனியாகக் கேட்க ஆகும் நேரம் ஒரு நிமிடம்.

இரண்டு முறை கேட்பது

பல ஒப்பந்தங்களில் கடைசிப் பக்கத்தில், “படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் உரிமை ஸ்டூடியோவுக்கு உண்டு” என்று ஒரு வரி இருக்கும். நிச்சயதார்த்த அவசரத்தில் அதை யாரும் படிப்பதில்லை. அந்த நேரத்தில் படமே எடுக்கப்படவில்லை. எந்தப் படம், என்ன எழுதப்போகிறார்கள் என்று தெரியாமல் தரும் சம்மதம் ‘விவரம் தெரிந்து’ தந்தது ஆகாது. “போட வேண்டாம் என்றால் இவ்வளவு கூடுதல்” என்று சிலர் தொகை சொல்கிறார்கள். விளம்பரம் இழப்பதற்கு அவர்கள் கணக்கில் அது ஈடு. ஆனால் வேண்டாம் என்று சொல்வதற்கு விலை வைத்தபின், வேண்டும் என்று சொன்னது கட்டாயமின்றி வந்ததா என்ற கேள்வி நிற்கும்.

நடைமுறையில் நன்றாக வேலை செய்வது இரண்டு முறை கேட்பது. முதல் முறை, முன்பணம் வாங்கும்போது: பொதுவாகப் போடுவதில் ஆட்சேபம் உண்டா, யார் முகம் வரவே கூடாது, யாரிடம் கேட்க வேண்டும். “வேண்டாம்” என்று சொன்னவர்களின் பட்டியலை மணமக்களே தருவார்கள். திருமணத்தன்று அவர்களை அடையாளம் காட்ட வீட்டில் ஒருவர் பொறுப்பேற்றால் போதும். இரண்டாம் முறை, ஆல்பம் கைக்குப் போனபின். அப்போது அனுப்பும் செய்தி கிட்டத்தட்ட இப்படி இருக்கலாம்:

“வணக்கம். ஆல்பம் கிடைத்திருக்கும் என்று நம்புகிறோம். இதோடு இருக்கும் ஆறு படங்களை எங்கள் பக்கத்தில் போட விரும்புகிறோம். கீழே எழுதப்போகும் வரிகளையும் அனுப்பியிருக்கிறோம். பெயர் போடலாமா? ஊர் போடலாமா? உங்கள் கணக்கை டேக் செய்யலாமா? எந்தப் படமாவது வேண்டாமா? மூன்றாவது படத்தில் உங்கள் நாத்தனார் முகம் தெரிகிறது. அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள். உங்கள் இருவரின் பதிலும் வரும்வரை எதையும் போட மாட்டோம். போட்டபின் எடுக்கச் சொன்னாலும் எடுத்துவிடுவோம்.”

இதில் கேள்விகள் தனித்தனியாக இருப்பதைக் கவனிக்கலாம். படத்துக்குச் சரி, பெயருக்கு வேண்டாம் என்று சொல்ல இடம் இருக்கிறது. ‘ஓகேவா?’ என்ற ஒற்றைக் கேள்விக்கு அந்த இடம் இல்லை. படக்குறிப்பும் சேர்ந்தே போவதுதான் இதில் முக்கியம். படத்துக்குச் சம்மதித்தவர் அதன் கீழே வரும் வாக்கியத்துக்கும் சம்மதித்தார் என்று கொள்ள முடியாது.

ஒரு குறிப்பை அவிழ்த்துப் பார்த்தால்

அந்தரங்கம் கசிவது படத்தைவிட வரியில்தான் அதிகம். பக்கங்களில் நாள்தோறும் பார்க்கும் பாணியில், கற்பனையாக ஒரு படக்குறிப்பு:

“(மணமகள் பெயர்) வெட்ஸ் (மணமகன் பெயர்)! ஜனவரி 23, ஈசிஆர் ரிசார்ட். பொண்ணு சென்னையில் பேங்க் ஆபீசர், மாப்பிள்ளை துபாய். ஆறு வருஷ லவ், வீட்ல ஒத்துக்கவே இல்ல, போராடி ஜெயிச்ச ஜோடி! பாட்டி அழுதது தான் ஹைலைட். நாளைக்கே பாலிக்கு ஹனிமூன் கிளம்புறாங்க!”

எழுதியவர் மனத்தில் வாழ்த்தைத் தவிர வேறொன்றும் இல்லை. ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

முழுப் பெயரும் தேதியும் சேர்ந்தால் அது தேடுபொறிக்குக் கிடைத்த தரவு. திருமண நாளைக் கடவுச்சொல்லாக வைப்பவர்கள் நம்மில் ஏராளம். வேலையும் ஊரும் சேர்ந்தால், தெரியாத ஒருவர் தொலைபேசியில் தெரிந்தவர் போலப் பேசப் போதுமான விவரம் ஆகிவிடுகிறது. மறுநாள் வெளிநாட்டுப் பயணம் என்பது, நகையோடு படம் வந்த அதே பதிவில், வீடு பூட்டிக் கிடக்கும் என்ற அறிவிப்பு.

பாட்டி அழுதது அவருடைய விஷயம். பேத்திக்காக அழுதாரா, போய்விட்ட தாத்தாவை நினைத்து அழுதாரா என்று போட்டோகிராபருக்குத் தெரியாது. அதை ‘ஹைலைட்’ என்று எழுதும்போது, தன் படம் வெளியே போகிறது என்றே தெரியாத ஒருவரின் துயரம் கடைப் பொருள் ஆகிறது.

எல்லாவற்றிலும் கனமானது, “வீட்ல ஒத்துக்கவே இல்ல”. மணமக்கள் கேமரா முன் சிரித்தபடி சொன்ன கதைதான். ஆனால் அவர்கள் சொன்னது போட்டோகிராபரிடம், ஊரிடம் அல்ல. மண்டபத்தில் சமாதானமாக வந்து உட்கார்ந்த பெற்றோர், மறுநாள் அந்த வரியை உறவினரின் போனில் படிப்பார்கள். சாதி கடந்த திருமணம் என்றால் இது வெறும் மனக்கசப்போடு நிற்பதில்லை. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில், சாதி கடந்து மணந்த சங்கர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டது, திருமணமாகி எட்டு மாதம் ஆனபின். 2018இல் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட இணையர்களுக்குப் பாதுகாப்பு இல்லங்கள் வேண்டும் என்று அறிவுறுத்தியதும் இந்த அச்சத்தால்தான். அத்தகைய இணையரின் பெயரும் ஊரும் போகும் பயணமும் எந்தப் பதிவிலும் சேர்ந்து வரக்கூடாது. தாலியின் வடிவமே எந்தச் சமூகம் என்று காட்டிவிடும் என்பதால், நெருக்கமான தாலிப் படத்தைக்கூட அவர்களைக் கேட்டுத்தான் போட வேண்டும்.

அதே திருமணத்துக்கு, அதே கடற்கரையில், இப்படியும் எழுதலாம்:

“விடியற்காலையிலேயே கடற்காற்று பந்தல் மாவிலையை விடவில்லை, மணமகளின் முந்தானையையும்தான். மூன்றாம் முடிச்சு விழுந்ததும் இருவரும் ஒரே நேரத்தில் திரும்பிச் சிரித்தார்கள். விளக்கு எதுவும் போடாமல், கிழக்கு வாசல் வெளிச்சத்தில் எடுத்தது. நல்லா இருங்க, ரெண்டு பேரும்! இந்தப் படங்களையும் வரிகளையும் மணமக்களும், உடன் இருக்கும் சகோதரியும் பார்த்துச் சரி சொன்னார்கள். மற்ற விருந்தினர் படங்கள் குடும்பத்தின் ஆல்பத்தில் மட்டும்.”

இதில் பெயர் இல்லை, தேதி இல்லை, விடுதி இல்லை. மணமக்கள் விரும்பினால் முதல் பெயர்களைச் சேர்க்கலாம். ஆனால் முந்தைய குறிப்பைவிட இதில் மணமக்கள் அதிகம் இருக்கிறார்கள். ஏனென்றால் இது அவர்களைப் பற்றிய விவரத்தைச் சொல்லாமல், அந்தக் கணத்தில் கண்டதைச் சொல்கிறது. தொழிலுக்கும் இதுவே லாபம். ஆர்டர் கொடுக்க வரும் அடுத்த குடும்பம் அறிய விரும்புவது, காற்றிலும் எதிர் வெளிச்சத்திலும் இவரால் எடுக்க முடியுமா என்பதைத்தான். மாப்பிள்ளை எங்கே வேலை செய்கிறார் என்பதை அல்ல.

கடைசி இரண்டு வாக்கியத்தில் எச்சரிக்கை தேவை. கேட்டவர்களைத்தான் ‘கேட்டோம்’ என்று எழுத வேண்டும். ஆறு பேர் முகம் தெரியும் படத்தின் கீழே “அனைவரின் அனுமதியுடன்” என்று பழக்கத்தில் ஒட்டிவிட்டால், அந்த வரியே பொய்ச் சான்றாகிவிடும்.

இடத்தின் பெயர்

செங்கல்பட்டுப் பக்கத்துப் போட்டோகிராபர்களுக்கு இடத்தின் பெயரே பாதி விளம்பரம்: கடற்கரைக் கோயில், கோவளம், வேடந்தாங்கல். இங்கே இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன.

முதலாவது, அந்த இடத்தில் எடுக்க அனுமதி இருந்ததா. திருமணத்துக்கு அடுத்த நாள் திருப்பதியில் நயன்தாரா இணையர் கோயில் மாடவீதியில் காலணியோடு படம் எடுத்துக்கொண்டது சர்ச்சையாகி, விக்னேஷ் சிவன் மன்னிப்புக் கோர வேண்டியிருந்தது. மாமல்லபுரத்துச் சின்னங்கள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. வேடந்தாங்கல் ஏரி வனவிலங்குச் சரணாலயம். 2022 முதல் ராம்சர் ஈரநிலமும்கூட. சரணாலயத்துக்குள் படம் எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும். பறவை கலையக்கூடாது என்று தீபாவளிக்கே வெடி வெடிக்காத ஊர் அது. கூடுகட்டும் பருவத்தில் புகைக்குண்டு கொளுத்தி, கூழைக்கடாக்கள் எழும்பப் பின்னணியாக வைத்து எடுத்த ஜோடிப் படத்துக்கு எந்த அழகிய குறிப்பும் நியாயம் சேர்க்காது.

இரண்டாவது, இடத்தை எவ்வளவு துல்லியமாகச் சொல்வது. பறவைப் படம் எடுப்பவர்களிடம் இதற்கு ஒரு நல்ல ஒழுங்கு உண்டு. எல்லோரும் கரையில் நின்று பார்க்கும் வேடந்தாங்கலின் பெயரைத் தயங்காமல் எழுதுவார்கள்; ஆனால் எங்கோ தனியாக அடைகாக்கும் அரிய பறவையின் கூடு இருக்கும் இடத்தை எழுத மாட்டார்கள். திருமணக் குறிப்புக்கும் அந்த அளவுகோல் சரியாகப் பொருந்துகிறது. பொது இடத்தின் பெயர் போகலாம். மணமகள் வீட்டு வாசலில் கோலத்தோடு எடுத்த படத்துக்குத் தெருப்பெயர் போகக்கூடாது. விடுதியின் பெயரும் விருந்து முடிந்து எல்லோரும் கிளம்பியபின் போகட்டும்.

எழுதாமலே இடம் போய்விடும் வழியும் உண்டு. போனிலோ ஜிபிஎஸ் உள்ள கேமராவிலோ எடுத்த கோப்பில் இடத்தின் ஆயத்தொலைவு பதிந்திருக்கும். இன்ஸ்டாகிராமில் ஏற்றிய படத்திலிருந்து அதைப் பிறர் எடுக்க முடியாது. ஆனால் சொந்த இணையதளத்தில் ஏற்றும் கோப்பிலும், வாட்ஸ்அப்பில் டாகுமென்ட்டாக அனுப்பும் கோப்பிலும் அது அப்படியே போகும். லைட்ரூமில் ஏற்றுமதி செய்யும்போது Remove Location Info என்ற கட்டத்தைக் குறியிட்டால் போதும்.

போட்ட பின்

சம்மதம் ஒரு முறை வாங்கினால் முடிந்துவிடும் பொருள் அல்ல. தரவுப் பாதுகாப்புச் சட்டம், தந்த சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்கிறது; தருவது எவ்வளவு எளிதோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. திருமணம் முறிந்தவர்களுக்கு, துணையை இழந்தவர்களுக்கு, அந்தப் படம் ஒரு கடையின் விளம்பரமாகத் தொடர்வது எத்தனை வலி என்று விளக்க வேண்டியதில்லை. அவர்கள் காரணம் சொல்லாமலே கேட்கலாம். போட்டோகிராபரும் காரணம் கேட்காமலே எடுக்க வேண்டும்.

எடுப்பது சொல்வதைப்போல எளிதல்ல. படம் எங்கெல்லாம் போயிருக்கிறது என்று அவருக்கே நினைவிருக்காது. பக்கத்தில் ஒன்று, இணையதளத்தில் ஒன்று, காசு கொடுத்து ஓட்டிய விளம்பரத்தில் ஒன்று, கடை முன் பிளெக்ஸில் ஒன்று, வாடிக்கையாளருக்குக் காட்டும் மாதிரி ஆல்பத்தில் ஒன்று. அதனால் ஒவ்வொரு திருமணத்துக்கும் ஒரு நோட்டில் நான்கு விவரம்: எந்தப் படம், எங்கே போட்டது, யார் எப்போது சம்மதித்தார், எந்த நிபந்தனையோடு. எடுக்கச் சொல்லும் நாளில் இந்த நோட்டு இல்லாவிட்டால், ‘எடுத்துவிட்டோம்’ என்று சொன்ன படம் ஆறு மாதம் கழித்து எங்கோ ஒரு பிளெக்ஸில் சிரித்துக்கொண்டிருக்கும்.

போட்டோகிராபரின் கைக்கு அப்பாலும் படம் நகர்கிறது. குறிப்பில் மேக்கப் கலைஞரையும் அலங்காரம் செய்தவரையும் மண்டபத்தையும் டேக் செய்வது தொழில் மரியாதை. டேக் பார்த்ததும் அவர்கள் அதே படத்தைத் தங்கள் பக்கத்தில் தங்கள் வரியோடு போடுவார்கள். போட்டோகிராபர் கவனமாக விட்ட பெயரும் தேதியும் அங்கே வந்துவிடும். மேக்கப்புக்கு முன் எடுத்த மணமகள் முகமும் சேர்ந்து வரும். மணமக்கள் தந்த சம்மதம் போட்டோகிராபருக்கு மட்டுமே. அவர் அதைப் பிறருக்குக் கைமாற்ற முடியாது. டேக் செய்யும்போதே, “மறுபதிவு செய்ய மணமக்களைத் தனியாகக் கேளுங்கள்” என்று அவர்களுக்கு ஒரு செய்தி அனுப்புவதுதான் இப்போதைக்கு இருக்கும் வழி. எல்லோரும் கேட்பார்கள் என்ற உறுதி இல்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தவர்களைத் திரும்பக் கேட்கவும் முடியாது. இந்த வரம்பை மணமக்களிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்: “நாங்கள் போட்டதை எடுப்போம், பிறர் எடுத்துக்கொண்டதற்கு எங்களால் உறுதி தர முடியாது.”

சட்டத்தின் கடமைகள் முழுமையாக நடைமுறைக்கு வந்தபின் சிறிய ஸ்டூடியோக்கள் இவற்றைச் செய்தே ஆக வேண்டியிருக்கும். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு செய்தி, ஒரு நோட்டு, குறிப்பிலிருந்து விடும் நான்கைந்து சொற்கள், இவ்வளவுதான் செலவு. விடை வராத கேள்வி ஒன்று மிஞ்சும். முகம் தெரியும் பத்துப் பேரில் ஒன்பது பேர் சரி சொல்லி, ஒருவர் மட்டும் பதில் சொல்லாமல் இருந்தால் என்ன செய்வது? படமோ அந்த ஆண்டின் சிறந்த படம். சட்டம், பதில் இல்லாததைச் சம்மதமாகக் கொள்வதில்லை. தொழிலும் அதையே பின்பற்றுவது நல்லது: அந்தப் படம் ஆல்பத்தில் இருக்கட்டும்; பக்கத்துக்கு அடுத்த ஃப்ரேம் போகட்டும்.